அலாரம் ஆறு மணிக்கு, பல் துலக்குவது நாலரைக்கு: நினைவூட்டலை எங்கே கட்டுவது?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

பழக்கங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு வருகிற கேள்வி ஒன்று உண்டு. "மாத்திரைக்கு தினமும் அலாரம் வெச்சிருக்கேன். அடிக்குது, ஆஃப் பண்றேன். அப்புறம் பத்து மணிக்குத்தான் ஞாபகம் வருது. நான் என்ன பண்ணட்டும்?" ஆவடியிலிருந்தும் வருகிறது, பூந்தமல்லியிலிருந்தும் வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் தனக்காகக் கேட்பதில்லை, அம்மாவுக்காகவோ அப்பாவுக்காகவோ கேட்கிறார்கள்.

இந்த எபிசோடில் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் பார்க்கலாம். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுப் பழக்கத்தை கடிகாரத்தோடு கட்டாதீங்க. ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கிற ஒரு செயலோடு கட்டுங்க. நினைவூட்டல் வேண்டுமென்றால், அது அந்தச் செயல் நடக்கும் நேரத்தில் வரணும். அந்தப் பழைய செயலை இங்கே "கொக்கி" என்று சொல்கிறேன். சட்டையை மாட்டுகிறோமே, அந்த மாதிரி கொக்கி.

ஒரே அலாரம், மூன்று வாரம்

உதாரணத்துக்கு எங்கள் வீட்டுக் கதையையே எடுத்துக்கொள்கிறேன். எங்க பெரியம்மா திருமுல்லைவாயலில் இருக்காங்க. தைராய்டு சுரப்பு குறைவு, அதற்கு தினமும் காலையில் தைராக்ஸின் மாத்திரை. இது கொஞ்சம் பிடிவாதமான மாத்திரை. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடணும். அதற்குப் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரைக்கும் சாப்பாடும் கூடாது, காபியும் கூடாது. காபி கூட வந்தால் மாத்திரை உடம்பில் சேர்வது குறைகிறது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நடுவில் நான்கு மணி நேர இடைவெளி சொல்வார்கள்.

ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு கூடிக்கொண்டே வந்தது. டாக்டர் டோஸை ஏற்றுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எப்போ போடறீங்க, எதோட போடறீங்க?" முக்கியமான கேள்வி அது. மாத்திரையைச் சில நாள் விட்டும், சில நாள் காபியோடு சேர்த்தும் போடுகிறவருக்கு டோஸை ஏற்றினால் பரிசோதனைத் தாளில் எண் சரியாகிவிடலாம். ஆனால் பின்னால் ஒருநாள் அவர் ஒழுங்காகப் போட ஆரம்பித்தால் அதே டோஸ் அளவுக்கு மீறியதாகிவிடும். நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை என்று வேறு தொல்லைகள் வரும்.

பெரியம்மாவிடம் அலாரம் இருந்தது, காலை 6:00 மணிக்கு. அது ஏன் உதவவில்லை? பெரியம்மாவின் காலையை முடிவு செய்வது கடிகாரம் கிடையாது, அண்ணனுடைய ஷிப்ட்தான். அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இருக்கிறார். வாரம் ஒரு ஷிப்டாகச் சுற்றி வரும்.

ஏ ஷிப்ட் வாரத்தில் அவர் ஆறு மணிக்கு உள்ளே இருக்கணும். பெரியம்மா 4:15-க்கு எழுந்து, 4:25-க்குள் பல் துலக்கி, 4:40-க்கு அண்ணனுக்குக் காபி போடும்போது தானும் ஒரு டம்ளர் குடிச்சிடுவாங்க. ஆறு மணிக்கு அலாரம் அடிக்கும்போது காபி உள்ளே போய் ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. "அடடா" என்று அப்போது போடுவாங்க, இல்லைன்னா "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று விட்டுடுவாங்க.

பி ஷிப்டில் அண்ணன் மதியம்தான் கிளம்பணும். பெரியம்மா 5:45-க்கு எழுந்து, பல் துலக்கி முடிக்கும்போது சரியாக 6:00. அலாரம் அடிக்கும், மாத்திரை போகும். எல்லாம் சரி.

சி ஷிப்ட் வாரத்தில் அண்ணன் ராத்திரி வேலை முடிந்து காலை 6:40-க்கு வீட்டுக்கு வருவார். பெரியம்மா 6:10-க்குத்தான் எழுந்திருப்பாங்க. ஆறு மணி அலாரம் படுக்கையிலேயே அடிக்கும், கை நீட்டி ஆஃப் பண்ணிட்டுத் திரும்பிப் படுத்துப்பாங்க.

ஒரே அலாரம் முதல் வாரம் ஒன்றரை மணி நேரம் லேட், இரண்டாவது வாரம் சரி, மூன்றாவது வாரம் பத்து நிமிஷம் சீக்கிரம். மூன்றில் ஒரு வாரம் சரியாக வேலை செய்ததால்தான், குறை அலாரத்தில் இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. "அம்மாவுக்கு மறதி ஜாஸ்தி ஆயிடுச்சு" என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டோம். சாஃப்ட்வேரில் சில நாள் மட்டும் வருகிற பக் இருக்கிறதே, அதைப் பிடிப்பதுதான் கஷ்டம். இதுவும் அந்த ரகம்.

உங்கள் வீட்டிலும் இப்படித்தானா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மாத்திரை தவறின நாட்களை காலண்டரில் குறியுங்கள். தவறின நாட்கள் சிதறிக் கிடந்தால் அது மறதியாக இருக்கலாம். சில வாரங்களில், அல்லது ஞாயிறுகளில், கும்பலாகச் சேர்ந்து கிடந்தால் நேரம் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

எந்தக் கொக்கி?

காலையில் பெரியம்மா செய்யும் வேலைகளை வரிசையாக எழுதினோம். போனைச் சார்ஜரிலிருந்து எடுப்பது, பல் துலக்குவது, வாசல் தெளித்துக் கோலம் போடுவது, பால் பாக்கெட் எடுப்பது, பால் காய்ச்சுவது, காபி.

நல்ல கொக்கிக்கு நான்கு குணம் வேணும். ஞாயிறு உட்பட தினமும் நடக்கணும். நாளுக்கு ஒரு தடவைதான் நடக்கணும், இல்லைன்னா எந்தத் தடவை என்ற குழப்பம் வரும். அந்த நபரே செய்வதாக இருக்கணும். "இதோ முடிஞ்சுது" என்று சொல்லக்கூடிய தெளிவான முடிவு இருக்கணும்.

இதை வைத்துப் பார்த்தால் கோலம் அடிபட்டுப் போகிறது. மழை பெய்தால் கோலம் கிடையாது. பால் பாக்கெட்டைச் சில நாள் அண்ணன் எடுத்துட்டு வந்துடுவார். பால் காய்ச்சுவது தினமும் நடக்கும், ஆனால் அடுத்த நிமிஷமே காபி. மாத்திரைக்குத் தேவையான அரை மணி இடைவெளி அங்கே கிடைக்காது. மிஞ்சுவது பல் துலக்குவது. எந்த ஷிப்டாக இருந்தாலும், எத்தனை மணிக்கு எழுந்தாலும், எழுந்த கொஞ்ச நேரத்தில் அது நடக்கும். முடியும் இடமும் தெளிவு: பிரஷைக் கழுவி ஸ்டாண்டில் வைப்பது.

துலக்குவதற்கு முன்னாடியா, பின்னாடியா? இதை நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். காபி ஜூடா என்ற ஆய்வாளரும் (பெயர்தான் காபி, நம்ம காபிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை) கூட இருந்தவர்களும் 2013-இல் இங்கிலாந்தில் வெளியிட்ட ஆய்வு. பல் இடுக்கை நூலால் சுத்தம் செய்யும் பழக்கத்தை 50 பேருக்குப் பழக்கினார்கள். பாதிப் பேர் துலக்குவதற்கு முன்னால், பாதிப் பேர் துலக்கிய பின்னால் செய்யணும். எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, "பின்னால்" செய்தவர்களிடம்தான் பழக்கம் அதிகமாக நிலைத்திருந்தது. 50 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், ஆனால் காரணம் புரிந்துகொள்ளக் கூடியது. தூக்கக் கலக்கத்தில் கை தானாக பிரஷுக்குப் போகிறது, அந்த ஓட்டத்தை நடுவில் நிறுத்தி வேறொன்றைச் செருகுவது கஷ்டம். முடிந்த இடத்தில் "அடுத்து என்ன?" என்று ஒரு சின்ன இடைவெளி வரும். புதுசு அங்கேதான் உட்காரும்.

அதனால் பெரியம்மாவின் விதி ஒரே வாக்கியம்: "பிரஷை ஸ்டாண்டுல வெச்சதும் மாத்திரை." நேரமே அதில் கிடையாது.

இதற்கு இரண்டு ஏற்பாடு தேவைப்பட்டது. முதலாவது, மாத்திரை பாட்டில் இருக்கும் இடம். முன்னால் அது பீரோவில் இருந்தது. பாத்ரூமிலேயே வைக்கலாம் என்றால் இந்த மாத்திரைக்கு ஈரமும் வெளிச்சமும் ஆகாது. அதனால் பாத்ரூம் கதவுக்கு வெளியே, தண்ணி கேன் பக்கத்துச் செல்ஃபில் பாட்டில் வந்தது. ராத்திரியே ஒரு டம்ளர் தண்ணீர் மூடி வைத்துவிடுவாங்க. வெளியே வரும்போது முதலில் கண்ணில் படுவது அந்த டம்ளர்.

இரண்டாவது, காபி. ஏ ஷிப்ட் வாரத்தில் 4:25-க்கு மாத்திரை, 4:40-க்குக் காபி என்றால் பதினைந்து நிமிஷம்தான். ஆகவே அண்ணனுக்கு 4:40-க்கே காபி, பெரியம்மாவுக்கு அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு 5:20-க்குக் கிளம்பிய பிறகு. கேட்டைச் சாத்துவது அந்தக் காபிக்குக் கொக்கி. இடைவெளி 55 நிமிஷம் ஆச்சு. மற்ற வாரங்களில் கோலமும் வாசலும் முடிந்த பிறகு காபி. கால்சியம் மாத்திரை மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டது.

நினைவூட்டல் எப்போ வரணும்?

கொக்கி இருந்தாலும் முதல் இரண்டு மூன்று வாரம் நினைவூட்டல் வேணும். பழைய ஓட்டம் அவ்வளவு வலுவானது, பிரஷ் வைத்ததும் கால் நேராக அடுப்புக்குப் போகும்.

பெரியம்மாவின் போன் ராத்திரி ஹாலில் சார்ஜரில் இருக்கும். எழுந்ததும் மணி பார்க்க அதை எடுப்பாங்க. எந்த ஷிப்ட் வாரமானாலும் இது நடக்கிறது. அதனால் நினைவூட்டலை மணியோடு கட்டாமல் சார்ஜர் கழற்றுவதோடு கட்டினோம். ஆண்ட்ராய்டில் MacroDroid மாதிரி ஆப்பில் இதைச் செய்யலாம். ஐபோனில் Shortcuts-க்குள் Automation பகுதியில் Charger என்று ஒரு தேர்வு இருக்கிறது. விதி இவ்வளவுதான்:

```
Trigger    : Power Disconnected
Constraint : 04:00 - 08:00
Wait       : 5 min
Notify     : பிரஷ் வெச்சதும் மாத்திரை
```

அந்த ஐந்து நிமிஷம் எங்கிருந்து வந்தது? ஒரு வாரம் அளந்து பார்த்தோம். சார்ஜரைக் கழற்றியதிலிருந்து பிரஷைத் திரும்ப வைப்பது வரைக்கும் 6 முதல் 12 நிமிஷம் ஆகிறது. சராசரியாக ஒன்பது நிமிஷம் வைக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இரண்டு பக்கத் தவறும் ஒரே அளவு கிடையாது. கொஞ்சம் சீக்கிரம் வந்தால் பெரியம்மா பல் துலக்கிக்கொண்டு இருப்பாங்க, செய்தி கொக்கியின் நடுவிலேயே போய்ச் சேரும், இரண்டு மூன்று நிமிஷம் மனசில் நின்றால் போதும். கொஞ்சம் லேட்டானால் அடுப்பு பற்றவைத்திருப்பாங்க, கை பால் பாத்திரத்தில் இருக்கும், "இதோ வரேன்" என்றுதான் பதில் வரும். சீக்கிரப் பக்கம் சாய்வதுதான் நல்லது. அதனால் அளந்ததில் மிகக் குறைந்த நேரத்துக்கும் ஒரு நிமிஷம் முன்னால் வைத்தோம்.

செய்தியின் வாசகத்தையும் கவனிங்க. "மாத்திரை போடவும்" என்று மட்டும் எழுதவில்லை. கொக்கியின் பெயர் அதில் இருக்கணும். சத்தம் கேட்டதும் மாத்திரை என்று பழகக்கூடாது, பிரஷ் வைத்ததும் மாத்திரை என்று பழகணும்.

இதில் கெடக்கூடியது ஒன்று உண்டு. சில போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்த இந்த மாதிரி ஆப்களை ராத்திரியோடு நிறுத்திவிடும். இரண்டு நாள் செய்தியே வரவில்லை என்றால் பேட்டரி செட்டிங்கில் அந்த ஆப்புக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

போட்டாச்சா, இல்லையா?

தினமும் செய்கிற வேலையில் இன்னொரு சிக்கல் வரும். பழக ஆரம்பித்ததும் செய்த ஞாபகமே இருக்காது. "இன்னிக்கு போட்டேனா, அது நேத்தா?" மாத்திரையில் இது ஆபத்து, இரண்டு தடவை போட்டுவிடலாம்.

ஞாபகத்தை நம்பாமல் சாட்சி தேடுவதில் நம்ம சென்னைக்கு ஒரு பெரிய வரலாறே இருக்கிறது. 1956-இல் இங்கே காசநோய்க்கான மருத்துவ ஆய்வு மையம் ஆரம்பமானது, சேத்துப்பட்டில் இருக்கும் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். நோயாளிகளை மருத்துவமனையில் படுக்க வைக்காமல், வீட்டிலேயே மாத்திரை சாப்பிட வைத்துக் குணமாக்க முடியுமா என்று அங்கே சோதித்தார்கள். முடியும் என்று 1959-இல் முடிவு வெளியானது. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை மாற்றிய ஆய்வு அது. அதில் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதோடு அவர்கள் நிறுத்தவில்லை. சொல்லாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள்.

வீட்டில் அவ்வளவு தேவையில்லை. ஏழு நாள் டப்பா வாங்கலாம், ஆனால் ஈரம் ஆகாத மாத்திரைக்கு அதன் பாட்டிலே நல்லது. நாங்கள் தேதி கிழிக்கிற தினசரி காலண்டரை அந்தச் செல்ஃபுக்கு மேலே மாட்டினோம். மாத்திரையை விழுங்கிய பிறகுதான் நேற்றைய தாளைக் கிழிக்கணும். காலண்டர் இன்றைய தேதியைக் காட்டினால் போட்டாச்சு, நேற்றைய தேதியில் நின்றால் இன்னும் போடலை.

முதல் வாரமே இதற்கும் சோதனை வந்தது. ராசிபலன் பார்க்க அண்ணன் தாளைக் கிழித்துவிட்டார். அண்ணனுக்கு ஹாலில் வேறு காலண்டர் மாட்டின பிறகுதான் தீர்ந்தது. சாட்சிப் பொருளை ஒருத்தர் மட்டும்தான் தொடணும்.

நினைவூட்டலை எப்போ எடுக்கிறது?

நினைவூட்டலை நிரந்தரமாக வைத்தால் என்ன? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கடார்சினா ஸ்டவார்ஸும் கூட இருந்தவர்களும் 2015-இல் இதைச் சோதித்தார்கள். 133 பேர், நான்கு வாரம். போன் நினைவூட்டல் வந்தவர்கள் செயலைத் தவறாமல் செய்தார்கள், ஆனால் அது தானாக வரும் பழக்கமாக மாறுவது அவர்களுக்குத் தடைப்பட்டது. தினசரிச் செயலோடு கட்டினவர்களுக்கு அந்தத் தானியங்கித் தன்மை வளர்ந்தது. காரணம் எளிது. போன் ஞாபகம் வைத்துக்கொண்டால் மனசு கொக்கியைக் கவனிக்க வேண்டிய அவசியமே இல்லை. போன் ரிப்பேருக்குப் போன அன்று பழக்கமும் கூடப் போய்விடும்.

அதனால் படிப்படியாகக் குறைத்தோம். ஷிப்ட் ஒரு சுற்று வரும் வரைக்கும், அதாவது மூன்று வாரம், ஐந்து நிமிஷச் செய்தி. நான்காவது வாரத்திலிருந்து காத்திருக்கும் நேரத்தை 20 நிமிஷமாக மாற்றி, வாசகத்தையும் "காலண்டர் கிழிச்சாச்சா?" என்று மாற்றினோம். இப்போது அது முன்னால் வந்து சொல்வதில்லை, விட்டுப்போனால் பிடிக்கும் வலை மட்டும்தான். 20 நிமிஷத்தில் காபி இன்னும் வந்திருக்காது, அப்போது போட்டாலும் காபியைக் கொஞ்சம் தள்ளிவைத்தால் சரியாகிவிடும். மூன்று ஷிப்டிலும் செய்தி வரும் முன்பே தாள் கிழிந்திருந்தால் அந்த விதியை நீக்கலாம்.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்பீங்க. 21 நாள் என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள், அதை நம்பாதீங்க. அதே காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்தார்கள். பழக்கம் நிலைப்பட்டவர்களின் நடு எண் 66 நாள். ஆளுக்கு ஆள் வித்தியாசம் 18 நாளிலிருந்து 254 நாள் வரைக்கும். ஆய்வே 84 நாள்தான் நடந்தது, 254 என்பது கணக்குப் போட்டுச் சொன்ன எண். நடுவில் ஒருநாள் தவறினால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது.

எங்கே இது பொருந்தாது?

பெரியம்மாவின் மாத்திரை ஒருநாள் 4:25-க்கும் இன்னொரு நாள் 6:20-க்கும் போகிறது. தைராக்ஸின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும், அதனால் இரண்டு மணி நேர வித்தியாசம் பெரிசில்லை. எல்லா மருந்தும் இப்படிக் கிடையாது. ஆன்டிபயாடிக், வலிப்பு மாத்திரை மாதிரி சீரான இடைவெளி கேட்கும் மருந்துகளுக்குக் கடிகாரம்தான் சரி. சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினுக்குச் சாப்பாடுதான் கொக்கி. எது எந்த ரகம் என்று டாக்டரிடம் கேட்டுக்கோங்க. விட்டுப்போன மாத்திரையை மறுநாள் இரண்டாகப் போடுவதையும் நீங்களா முடிவு பண்ணாதீங்க.

இன்னொன்று, வெளியூர். கல்யாணத்துக்கு ஊருக்குப் போனால் செல்ஃபும் கிடையாது, காலண்டரும் கிடையாது. ஆனால் பிரஷ் கூட வரும். பாட்டிலையும் அதே பையில், தனி உறையில் போட்டால் கொக்கியும் கூடவே பயணம் செய்யும்.

எட்டு வாரம் கழித்து எடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். இறங்கியிருந்தது. டாக்டர் டோஸைத் தொடவில்லை.

உங்களுக்கு ஒரு வேலை. நாளையிலிருந்து எதையும் மாற்றாமல், ஏழு நாள், நீங்கள் நினைக்கும் கொக்கி எத்தனை மணிக்கு நடக்கிறது என்று மட்டும் எழுதுங்க. ஞாயிறு கட்டாயம் உள்ளே வரணும். ஷிப்ட் இருந்தால் ஒரு சுற்று முழுக்க எழுதுங்க. அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் இப்போது இருக்கும் அலாரம் நேரத்தை வைத்துப் பாருங்க. அடுத்த எபிசோடில், வந்த பட்டியல்களில் இரண்டை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம்.